தம்பியின் வரன் படிவம்: ஒவ்வொரு வரியும் எங்கே சரிபார்க்கப்படும்?

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு 29 வயது. டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. மெக்கானிக்கல் படித்தான், ஒரு அரியர் இன்னும் பாக்கி. ஸ்ரீபெரும்புதூரில் வேலை, ஆஃபர் லெட்டரில் வருடம் 7.2 லட்சம். கல்விக் கடன் மாதம் 6,000, இன்னும் 2 வருடம் கட்ட வேண்டும். அப்பா இல்லை, அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன். நான் கணவரைப் பிரிந்து என் பையனோடு அம்மா வீட்டில் இருக்கிறேன், தனியார் பள்ளியில் டீச்சர். வீடு அப்பா பெயரில், நிலம் தாத்தா பெயரில் சித்தப்பாவோடு பொது. மாமா எழுதிக் கொடுத்த படிவத்தில் ‘பி.இ., மாதம் 60,000, சொந்த வீடு, 2 ஏக்கர் நஞ்சை, ஒரு அக்கா திருமணமானவர்’ என்று இருக்கிறது. உண்மையை எழுதினால் வரனே வராது என்று அம்மாவுக்குப் பயம். எப்படி எழுதுவது?

பதில்:

தஞ்சாவூரில் 20 வருடத்துக்கு மேலாகத் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். படிவம் எழுத வருகிற எல்லோரிடமும் ஒன்றைத்தான் முதலில் கேட்பேன். இந்த வரியைப் பெண் வீட்டார் எந்த நாளில், எந்தக் காகிதத்தில், யார் வாயிலிருந்து சரிபார்ப்பார்கள்? படிவத்தில் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. சில வரிகளுக்கு அது அடுத்த வாரமே வந்துவிடும், சிலவற்றுக்கு நிச்சயதார்த்தம் முடிந்து மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு வரும். அதற்குப் பிறகு வந்தால்தான் பெரிய கஷ்டம். உங்கள் மாமா எழுதிய ஐந்து விஷயங்களையும் இந்தக் கேள்வியோடு பார்க்கலாம்.

அதிகத் தகராறு வருவது சம்பளத்தில்தான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். மாமா 7.2 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 60,000 என்று எழுதியிருக்கிறார். கணக்கு சரிதான், ஆனால் அந்தப் பணம் தம்பியின் வங்கிக் கணக்குக்கு ஒரு மாதமும் வந்திருக்காது. ஆஃபர் லெட்டரில் இருப்பது சி.டி.சி., அதாவது அவரை வேலையில் வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதற்குள் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டிக்காக ஒதுக்குவது, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், வருடக் கடைசியில் வந்தாலும் வரும் வராவிட்டாலும் போகும் ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்திருக்கும்.

அவருடைய பே ஸ்லிப் என் கையில் இல்லை. அதனால் இந்த அளவு சம்பளத்துக்குப் பல கம்பெனிகளில் இருக்கும் அமைப்பை வைத்து உத்தேசமாகப் போட்டுக் காட்டுகிறேன். மாதக் கணக்கில் 60,000. அதில் பாதி, 30,000, அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் பி.எஃப். பங்கு அதில் 12 சதவீதம், 3,600. கிராஜுவிட்டி ஒதுக்கீடு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஏறக்குறைய 1,450. ஊக்கத்தொகை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் மாதத்துக்கு 6,000. காப்பீட்டுக்கு ஒரு 550. இவை போனால் மிச்சம் 48,400. இதிலிருந்து தம்பியின் பங்கு பி.எஃப். 3,600 பிடிப்பார்கள். தொழில் வரி, கேன்டீன், கம்பெனி பஸ் எல்லாம் சேர்த்து 800 போகும். கைக்கு வருவது 44,000. இந்தச் சம்பளத்துக்குப் புதிய முறையில் வருமான வரி வராது என்பதால் அந்தப் பிடித்தம் இல்லை.

60,000-க்கும் 44,000-க்கும் இடையில் 16,000 இருக்கிறது. சென்னைப் புறநகரில் ஒரு சின்ன வீட்டு வாடகை அளவுக்கு இது வரும். கல்யாணமான முதல் மாதமே வீட்டுச் செலவுக் கணக்குப் போடும் பெண்ணுக்கு இது தெரிந்துவிடும். அதுவரைக்கும்கூடப் போவதில்லை. பெண்ணின் அண்ணனோ சித்தப்பாவோ இப்போது நேராகவே, “மூன்று மாதப் பே ஸ்லிப் அனுப்புங்கள் தம்பி” என்று கேட்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள். இப்போது யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

என் மையத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் கம்பெனியும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் ‘மாதம் 1 லட்சம்’ என்று எழுதினார்கள். சி.டி.சி. 12 லட்சம். நிச்சயம் முடிந்தது. பெண்ணின் அப்பா, கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வீட்டுக் கடன் வாங்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் வங்கியில் விசாரிக்கப் போனார். வங்கியில் பே ஸ்லிப் கேட்டார்கள். கைக்கு வந்தது 71,000 மட்டும். அந்தப் பையன் நல்ல பையன், 71,000-மும் நல்ல சம்பளம். 71,000 என்று எழுதியிருந்தாலும் அந்தப் பெண் வீட்டார் சம்மதித்திருப்பார்கள் என்று அந்த அப்பாவே என்னிடம் சொன்னார். “29,000 ரூபாய்க்காக நான் நிறுத்தவில்லை சார். இதில் இப்படி என்றால் இன்னும் எதில் எப்படியோ என்று என் மனைவிக்குத் தூக்கம் வரவில்லை” என்றார். மண்டப அட்வான்ஸ் போயிற்று. இரண்டு வீட்டிலும் மனசு உடைந்தது. அந்தப் படிவத்தை வாங்கிப் பதிந்தவன் நான். அன்றிலிருந்து வருமானக் கட்டத்தில் ‘மாதம் கைக்கு’ என்று அச்சடித்தே கொடுக்கிறேன்.

ஆகவே தம்பியின் கடைசி மூன்று பே ஸ்லிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓவர்டைம் இருந்த மாதத்தை மட்டும் பார்க்காமல் மூன்றின் சராசரியைப் பாருங்கள். அதை ‘மாதம் கைக்கு’ என்று எழுதுங்கள். போன வருடம் ஊக்கத்தொகை நிஜமாகவே வந்திருந்தால், வந்த தொகையை மட்டும் தனியாக எழுதலாம். ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கும் தொகை வேண்டாம். சி.டி.சி. எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் பதியும்போது வருட வருமானத்துக்குக் கட்டம் இருக்கும், அதில் ‘6 முதல் 8 லட்சம்’ போன்ற ஒரு பிரிவைத்தான் தேர்வு செய்ய முடியும். அங்கே அதைத் தேர்வு செய்துவிட்டு, ‘என்னைப் பற்றி’ என்ற பகுதியில் கைக்கு வரும் தொகையை எழுதிவிடுங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

கல்விக் கடனை எழுதலாமா என்று பலர் தயங்குகிறார்கள். எழுதுங்கள். முதல் தலைமுறையாகப் படித்து வந்த வீடுகளில் கல்விக் கடன் இருப்பது சாதாரணம், அதைக் குறையாகப் பார்க்கிறவர்கள் குறைவு. முடியும் காலத்தோடு எழுதினால் அது கடனாகக்கூடத் தெரியாது, தவணை ஒழுங்காகப் போகிறது என்பதற்குச் சாட்சியாக நிற்கும். கடன் பாக்கி எவ்வளவு, வங்கி எது என்பதெல்லாம் படிவத்தில் தேவையில்லை. தனிநபர் கடன், நகை அடகு, சீட்டு எடுத்த பாக்கி ஏதாவது இருந்தால் அவற்றைப் படிவத்தில் போடாவிட்டாலும் பெண் பார்க்கப் போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். கல்யாணச் செலவுக்காகவே புதிதாக ஒரு கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் அதையும்தான். அதைக் கட்டப்போவது அந்த 44,000-லிருந்து.

அடுத்தது படிப்பு. ஒரு தாள் பாக்கி இருக்கும்வரை பட்டம் இல்லை. ‘பி.இ.’ என்ற இரண்டு எழுத்து படிவத்தோடு நிற்பதில்லை, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் போய் உட்காரும். நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெயரைப் பட்டம் இல்லாமல் அச்சடிப்பது அபூர்வம். படிவத்தில் பி.இ. என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையில் போடாமல் விட்டால் கேட்பார்கள். போட்டால் தம்பியோடு படித்தவர்களுக்கே அந்தப் பத்திரிகை போகும். அரியர் யார் யாருக்கு இருந்தது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மேடையில் நிற்கும்போது தம்பிக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘பி.இ. (மெக்.)’ என்று போட்டு முடித்த வருடத்தை விட்டுவிடுகிறார்கள் சிலர். படிவங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு அதுவே முதல் அடையாளம். வருடம் இல்லாத பட்டத்தைப் பார்த்தால் நானே கேட்டுவிடுவேன். சரியான வரி இது: ‘டிப்ளமோ மெக்கானிக்கல், 2015-ல் முடித்தது. பி.இ. மெக்கானிக்கல் 2018 வரை படித்தார், ஒரு தாள் பாக்கி.’ வருடங்களை உங்கள் தம்பியின் சான்றிதழ் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ‘அரியர் எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று சேர்க்க வேண்டுமானால் அவர் நிஜமாகவே எழுத வேண்டும். பொறியியல் படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் ஒரு காலவரம்பு வைத்திருக்கிறது, இத்தனை வருடம் கழித்து அது கடந்திருக்கும். காலவரம்பு தாண்டியவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு அறிவித்தது உண்டு. அப்படி அறிவிப்பு வந்து, பணம் கட்டி, ஹால் டிக்கெட் கையில் இருந்தால் சேர்க்கலாம். வெறும் எண்ணம் இருந்தால் சேர்க்க வேண்டாம்.

இதில் இன்னொன்றையும் தம்பியிடம் கேளுங்கள். கம்பெனி அவரை டிப்ளமோ தகுதியில் எடுத்ததா, பி.இ. தகுதியில் எடுத்ததா? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் டிப்ளமோ படித்தவர்களுக்கும் பட்டதாரிகளுக்கும் பதவிப் பெயரே தனித்தனியாக இருக்கும். பெண் வீட்டுச் சொந்தத்தில் அதே தொழிற்பேட்டையில் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவர் முதலில் கேட்பது பதவியைத்தான். அதனால் ‘இன்ஜினியர்’ என்று பொதுவாக எழுதாமல் அடையாள அட்டையில் என்ன பதவி இருக்கிறதோ அதை எழுதுங்கள். ஒப்பந்த வேலை என்றால் ஒப்பந்தம், நிரந்தரம் என்றால் நிரந்தரம்.

சொத்து வரியில் உங்கள் மாமா கவனிக்காத ஒன்று இருக்கிறது. அப்பா பெயரில் உள்ள வீட்டைத் தம்பியின் ‘சொந்த வீடு’ என்று எழுதியிருக்கிறார். உங்கள் அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடாக இருந்து, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அம்மாவுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அதாவது அந்த வீட்டில் மூன்றில் ஒரு பாகம் உங்களுடையதாக இருக்கலாம். கல்யாணமாகிப் போனதாலோ திரும்பி வந்ததாலோ அது மாறாது. ‘சொந்த வீடு’ என்ற இரண்டு சொல்லில் உங்கள் பங்கு காணாமல் போகிறது. நாளைக்கு வருகிற பெண், ‘இது என் கணவர் வீடு, அக்கா நம் வீட்டில் இருக்கிறார்’ என்று நினைத்துக்கொண்டால் அது அவர் தவறு ஆகாது, படிவம் சொன்னதைத்தான் அவர் நம்பினார். நாத்தனார் சண்டை என்று ஊர் பேசுகிற பலவற்றின் வேர் இப்படி ஒரு வரியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘குடும்ப வீடு, தந்தை பெயரில்’ என்று எழுதுங்கள். அது போதும்.

நிலத்திலும் அதே கதைதான். 2 ஏக்கர் என்றால் நம் டெல்டாக் கணக்கில் 6 மா. அது மொத்த நிலம். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்து, சித்தப்பாவோடு பாகம் பிரியாமல் கிடக்கிறது என்றால், உங்கள் அப்பாவின் வழிக்குப் பாதி வந்தாலே 3 மாதான். அந்தப் பாதியிலும் அம்மாவும் நீங்களும் இருக்கிறீர்கள். அத்தை யாராவது இருந்தால் அவருக்கும் உரிமை வரும். பூர்வீக நிலமா, தாத்தா வாங்கியதா என்பதைப் பொறுத்துப் பங்குக் கணக்கு மாறும். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை என்று 2005-ல் சட்டம் திருத்தப்பட்டது, தமிழ்நாட்டில் அதற்கு முன்னால் 1989-லேயே கல்யாணமாகாத மகள்களுக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்கையெல்லாம் வரன் படிவத்தில் தீர்க்க முடியாது, தீர்க்கவும் வேண்டாம். ‘தாத்தா பெயரில் 6 மா நஞ்சை, சித்தப்பாவுடன் பொது, பாகம் பிரிக்கவில்லை’ என்று எழுதினால் கிராமத்தில் இருக்கிற எவருக்கும் முழு நிலைமையும் புரிந்துவிடும். இதைச் சரிபார்ப்பதும் சுலபம். சர்வே எண் தெரிந்தால் பட்டாவையும், tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றையும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். பத்திரத்தை வங்கியில் வைத்துப் பதிவு செய்து கடன் வாங்கியிருந்தால் அதுவும் வில்லங்கத்தில் தெரியும். படிவத்தில் சர்வே எண் எழுதாதீர்கள், கேட்டால் நேரில் சொல்லலாம்.

இனி நீங்கள். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எழுத எனக்கும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ‘ஒரு அக்கா, திருமணமானவர்’ என்ற வரியில் பொய்யென்று ஒரு எழுத்தும் இல்லை. ஆனால் அதைப் படிக்கிற பெண் வீட்டார் மனதில் எழும் படம் வேறு. நாத்தனார் வேறு ஊரில் தன் குடும்பத்தோடு இருக்கிறார், தீபாவளி பொங்கலுக்கு வந்து போவார் என்று நினைப்பார்கள். பெண் பார்த்த பிறகு மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற அன்று வாசலில் உங்கள் பையனின் சைக்கிள் நிற்கும். அல்லது அதற்கு முன்பே தெருமுனைக் கடையில், “அந்த வீட்டுப் பொண்ணு வந்து இருக்குதே, தெரியாதா?” என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் சொல்கிற விதத்தில் அது தெரிய வேண்டுமா, நீங்கள் சொல்கிற விதத்தில் தெரிய வேண்டுமா?

சில வீடுகளில் பெண் வீட்டார் வருகிற நாளில் அக்காவை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படி ஒரு யோசனை உங்கள் வீட்டில் வந்தால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். மறைக்கிற மாதிரி உங்கள் வாழ்க்கையில் ஒன்றும் இல்லை. பையனை வளர்க்கிறீர்கள், வேலைக்குப் போகிறீர்கள், அம்மாவுக்குத் துணையாக இருக்கிறீர்கள். படிவத்தில் அப்படியே இருக்கட்டும்: ‘ஒரு அக்கா, தனியார் பள்ளி ஆசிரியை, மகனுடன் தாய் வீட்டில் வசிக்கிறார்.’ காரணம் எழுத வேண்டாம். ‘கணவரைப் பிரிந்து’ என்ற சொல்லைச் சேர்ப்பது உங்கள் விருப்பம், சேர்க்காமலே படிக்கிறவருக்குப் புரியும். முதல் போனில் கேட்டால் ஒரு வாக்கியம் போதும், “பிரிந்து இத்தனை வருடம் ஆகிறது” என்று. கோர்ட்டில் வழக்கு நடந்தால் அதையும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் சம்மன், வாய்தா என்று அது வீட்டுக்குள் வரும் விஷயம். யார் மேல் தவறு என்ற கதையை எவருக்கும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இதைச் சொன்னால் சில வீடுகள் ஒதுங்கும், அது உண்மை. அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள். இப்படி எழுதிய படிவத்துக்கு மாமா எழுதியதைவிடப் போன் குறைவாகத்தான் வரும். என் அனுபவத்தில், பளபளப்பான படிவத்துக்கு முதல் மாதம் போன் ஓயாது, விசாரிக்கப் போன இடத்தில் ஒவ்வொன்றாக நின்றுவிடும். ஏன் நின்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், “ஜாதகம் பொருந்தலை” என்று மட்டும் சொல்வார்கள். அப்படி ஆறேழு வரன் நின்றபின், ‘அந்த வீட்டு வரன் நிற்காது’ என்ற பேச்சு தரகர்களுக்குள் பரவும். அதன் பிறகு படிவத்தைத் திருத்தினாலும் அந்தப் பேச்சு போவதில்லை. முதலிலேயே சரியாக எழுதியதற்கு வருகிற போனில் பேச்சு வேறு விதமாகத் தொடங்கும். “படிச்சோம், எல்லாம் பார்த்தோம், ஜாதகம் அனுப்புங்க” என்பார்கள். அக்கா இருப்பதைத் தெரிந்தே அழைக்கிற வீடு அது. அந்த வீட்டுப் பெண் வந்தால் உங்களுக்கும் நிம்மதி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மாமாவின் காதில் போட்டுவையுங்கள். இந்துத் திருமணச் சட்டம் 12-ஆம் பிரிவில், ஒருவரைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்தோ திரித்தோ ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால், அது தெரிந்த ஒரு வருடத்துக்குள் கல்யாணத்தையே ரத்து செய்யக் கேட்க வழி இருக்கிறது. சம்பளத்தைக் கூட்டிச் சொன்ன எல்லாக் கல்யாணமும் அப்படி ரத்தாகும் என்று இல்லை, ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனாலும் கையெழுத்தோடு கொடுத்த படிவம் அங்கே ஒரு ஆவணமாக நிற்கும். ‘எதிர்பார்ப்பு’ என்ற கட்டத்தில் நகை, ரொக்கம், கார் என்று எதையும் எழுதாதீர்கள். வரதட்சணை கேட்பது 1961-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பெண் வீட்டாரே ‘பங்கு தருவோம், பணம் தருவோம்’ என்று விளம்பரம் செய்வதும் குற்றம்தான்.

பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது மாற்றிக் கொடுத்த தேதி சான்றிதழில் ஒன்றாகவும் ஜாதகத்தில் ஒன்றாகவும் பலருக்கு இருக்கும். அப்படி இருந்தால் இரண்டையும் எழுதி, எது எங்கே உள்ளது என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆதாரைப் பார்க்கிற அன்று வயதை மறைத்ததாகப் பேச்சு வரும். முன்பு நிச்சயமாகி நின்றது, தொடர்ந்து மருந்து சாப்பிடும் நோய் போன்றவை இருந்தால் அவை ஊர் முழுக்கச் சுற்றும் காகிதத்தில் இருக்க வேண்டியவை அல்ல. ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க நாள் குறிப்பதற்கு முன், பெரியவர்கள் நேரில் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே திருமணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் மட்டும் அது படிவத்தின் முதல் வரிகளிலேயே இருக்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். எண்களைப் பே ஸ்லிப், சான்றிதழ் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வயது: 29. பிறந்த தேதி, நேரம், ஊர்: ஜாதகப்படி.

படிப்பு: டிப்ளமோ மெக்கானிக்கல், 2015. பி.இ. மெக்கானிக்கல் 2018 வரை படித்தார், ஒரு தாள் பாக்கி.

வேலை: ஸ்ரீபெரும்புதூரில் தனியார் நிறுவனம், அடையாள அட்டையில் உள்ள பதவி, நிரந்தரம், எந்த வருடம் முதல்.

வருமானம்: மாதம் கைக்கு 44,000. சென்ற ஆண்டு ஊக்கத்தொகை தனியாக, வந்த தொகை.

கடன்: கல்விக் கடன் தவணை மாதம் 6,000, இன்னும் 2 வருடம்.

தந்தை: காலமானார். தாய்: இல்லத்தரசி, குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார்.

உடன்பிறந்தோர்: ஒரு அக்கா, தனியார் பள்ளி ஆசிரியை, மகனுடன் தாய் வீட்டில் வசிக்கிறார்.

வீடு, நிலம்: கும்பகோணம் அருகே குடும்ப வீடு, தந்தை பெயரில். தாத்தா பெயரில் 6 மா நஞ்சை, சித்தப்பாவுடன் பொது, பாகம் பிரிக்கவில்லை.

எதிர்பார்ப்பு: பட்டம் அல்லது டிப்ளமோ படித்தவர். வேலைக்குப் போவது பெண்ணின் விருப்பம். திருமணத்துக்குப் பின் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வசிக்க வேண்டும்.

எதிர்பார்ப்பில் உள்ளதை நான் யூகித்து எழுதியிருக்கிறேன், தம்பியிடம் கேட்டு மாற்றுங்கள். ‘அழகான, குடும்பப் பாங்கான பெண்’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒரு தகவலும் கிடைக்காது. எங்கே குடியிருக்கப் போகிறார்கள் என்பதைச் சொன்னால் கிடைக்கும். மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறார் என்றால் அதைக் கல்யாணத்துக்குப் பிறகும் தொடரப் போகிறாரா என்று தம்பி முடிவு செய்து, பெண்ணோடு பேசும் முதல் பேச்சில் அவரே சொல்லட்டும். ஆதார் எண், வங்கி விவரம், கம்பெனி ஊழியர் எண், வீட்டுக் கதவு எண் எதுவும் படிவத்தில் வேண்டாம். அந்தக் காகிதம் வாட்ஸ்அப்பில் எத்தனை கை மாறும் என்று நமக்குத் தெரியாது. மேல் ஓரத்தில் எழுதிய தேதியைப் போடுங்கள், சம்பளம் மாறினாலோ அரியர் முடிந்தாலோ புதிய தேதியோடு புதிதாக எழுதிக் கொடுங்கள்.

தொடர்புக்கு மாமாவின் எண்ணைக் கொடுக்காதீர்கள். படிவத்தில் 44,000 என்று இருந்தாலும் போனில் அவர் வாயில் 60,000 வந்துவிடும், பாசத்தில்தான் அப்படிச் சொல்வார். அம்மாவின் எண்ணோ உங்கள் எண்ணோ இருக்கட்டும். படிவத்தின் ஒரு பிரதியைப் போன் வைக்கும் இடத்திலேயே ஒட்டிவையுங்கள், யார் எடுத்தாலும் அதைப் பார்த்தே பதில் சொல்லட்டும்.